சிறப்பு விருந்தினரை மேடையில எப்படிச் சொல்றது?

கார்த்திகை மாசம் எங்க பாபநாசத்துப் பக்கம் பிசான நெல்லு தூர் கட்டுற நேரம். தாமிரபரணிப் பாசனத்துல வருஷத்துக்கு ரெண்டு போகம்: ஆனி, ஆடியில கார், ஐப்பசிக்கு மேல பிசானம். அந்தச் சமயத்துலதான் ஒரு வருஷம் ஊர்ல விவசாயிகள் கூட்டம் போட்டோம். சிறப்பு விருந்தினரா வந்தவர் ஓய்வுபெற்ற வேளாண் விஞ்ஞானி. அவரை அறிமுகம் பண்ணுற வேலை என் தலையில விழுந்தது.

அவர் அனுப்பியிருந்த தன்விவரம் மூணு பக்கம். நானும் யோசிக்காம அதையே முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் வாசிச்சேன். படிச்ச பட்டங்கள், போயிட்டு வந்த நாடுகள், வாங்கின விருதுகள், ஆராய்ச்சிக் கட்டுரைகளோட எண்ணிக்கை. பதினோரு நிமிஷம் ஆச்சுன்னு பின்னாடி ஒருத்தர் கணக்குச் சொன்னார். ரெண்டாம் பக்கத்துக் கடைசியில ஒரு வரி இருந்தது, ஆனைக்கொம்பன் ஈ பத்தி ஆறு வருஷம் வேலை பார்த்தவர்னு. அதையும் வாசிச்சேன். ஆனா அந்த வரி வர்றப்போ பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தாங்க, மீதிப் பேர் காது மூடியிருந்தது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். ஆனைக்கொம்பன் தாக்கின நெல்லுல நடுக்குருத்து வெங்காயத்தாள் மாதிரி குழலா நீண்டுடும். குழல் வந்த தூர்ல கதிர் வராது. அந்த வருஷம் கூட்டத்துல இருந்தவங்கள்ல பத்துப் பன்னிரண்டு பேர் வயல்ல அது இருந்தது. என்ன பூச்சின்னு தெரியாம ஒரு தடவை மருந்தடிச்சு, ரெண்டாவது தடவைக்கும் மருந்து வாங்கி வச்சிருந்தாங்க.

விருந்தினர் மண்வளம் பத்திப் பேசினார், கைதட்டினோம், சால்வை போட்டோம். கார்ல ஏறப் போறப்போ வயசான ஒரு அண்ணாச்சி சும்மா கையில வச்சிருந்த ஒரு குருத்தைக் காட்டி, "இது என்னன்னு பாருங்கய்யா"ன்னு கேட்டார். அவர் கார் கதவைப் பிடிச்சபடியே ரெண்டு நிமிஷம் சொன்னார். குழல் தெரிஞ்ச தூரை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. பிந்தி நட்ட வயல்லயும் யூரியாவை அள்ளிப் போட்ட வயல்லயும்தான் இது கூடுதலா வரும். அடுத்த வருஷம் நடவை முந்துங்க, உரத்தைப் பிரிச்சுப் போடுங்க. அவ்வளவுதான். கார் போயிடுச்சு. அதைக் கேட்டது அஞ்சாறு பேர். மத்தவங்க மறுநாள் காலையில ரெண்டாவது மருந்தை அடிச்சாங்க.

"ஏம்வே, இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க எந்திரிச்சுப் போயிருப்பமா?"ன்னு அண்ணாச்சி என்னைக் கேட்டதுக்கு இன்னும் என்கிட்ட பதில் கிடையாது. விருந்தினர் மேல ஒரு தப்பும் இல்ல. தன்விவரம் வேலைக்கு மனுப் போடுறதுக்கு எழுதினது, அதுல பட்டமும் விருதும் முன்னால வரத்தான் செய்யும். அதை அறிமுக அட்டைன்னு நினைச்சது நான்.

அதுக்கப்புறம் எங்க ஊர்க் கூட்டத்துக்கு அட்டை எழுதுற வேலையை அண்ணன் மகளோட சேர்ந்து செய்யுதேன். அவ பன்னிரண்டாம் வகுப்பு, குரல் நல்லா இருக்கும். பழகுறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆளை எடுத்துக்கிட்டோம்: எம்.எஸ். சுவாமிநாதன். அவர் 2023-ல காலமாயிட்டார். இருந்தாலும் 'அவர் நம்ம ஊர் மேடைக்கு வந்தா என்ன வாசிப்பே?'ன்னு கேட்டேன்.

அவ முதல்ல எழுதிக்கிட்டு வந்தது இப்படி: பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண், மகசேசே விருது, உலக உணவுப் பரிசு, பாரத ரத்னா, பசுமைப் புரட்சியின் தந்தை. எல்லாம் சரியான தகவல்தான். பாயில உட்கார்ந்திருக்கிற குத்தகை விவசாயிக்கு இதுல பிடிச்சுக்க என்ன இருக்கு? பெரிய மனுஷர்னு தெரியும். பெரிய மனுஷர்கிட்ட நம்ம ஆளுங்க கேள்வி கேட்க மாட்டாங்க.

"சித்தப்பா, அப்போ எது முதல்ல?"ன்னா. வந்து உட்காரப் போறது யாருன்னு முதல்ல எழுதுன்னேன். அறுபது பேர்னா, நாப்பது பேர் நெல்லு போடுறவங்க; விலை கட்டலைங்கிறதுதான் அவங்க பேச்சு. அப்படிப் பார்த்தா முதல் வரி தானா வந்துடுது. 2004-ல அமைச்ச தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கு அவர் தலைவர். குறைந்தபட்ச ஆதரவு விலை சாகுபடிச் செலவுக்கு மேல குறைஞ்சது 50 சதவீதம் கூடுதலா இருக்கணும்னு பரிந்துரைச்சது அந்த ஆணையம். இன்னைக்கும் விவசாயிகள் போராட்டத்துல 'சுவாமிநாதன் கமிஷன்'னு சொல்றது இதைத்தான். அந்த ஆள் இவர்தான்னு தெரிஞ்சா, எங்க ஊர்ல ஒருத்தராவது எந்திரிச்சு, "செலவுன்னா எதை எல்லாம் சேர்க்கணும்யா, சொந்த நிலத்துக்கு வாடகை சேருமா?"ன்னு கேட்பார். அந்தக் கேள்வி வந்தாப் போதும், கூட்டம் உருப்பட்டுடும்.

ரெண்டாவது வரியா அவ எழுதினது: 'ஐ.ஆர். 8 நெல்லைக் கண்டுபிடித்தவர்'. இதை அடிச்சுட்டேன். ஐ.ஆர். 8 வெளிவந்தது 1966-ல, பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து. சுவாமிநாதன் அந்த நிலையத்துக்குத் தலைமை இயக்குநரா இருந்தது 1982-ல இருந்து 1988 வரைக்கும். ரெண்டும் ஒரே நிலையம்கிறதால சேர்த்துப் பிடிச்சுட்டா. கேட்கிறவங்களுக்குப் பக்கமா கொண்டு வரணும்னு நினைக்கிறப்போ இந்த வழுக்கல் வந்துடும்: பொருத்தமான சாதனை கையில இல்லேன்னா இருக்கிறதை இழுத்துப் பொருத்தச் சொல்லும். ஐ.ஆர். எட்டு நட்ட பெருசுங்க முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. அவங்க முன்னாடி விருந்தினர் நெளியணும்.

(இதே மாதிரி இன்னொண்ணு. எங்க ஊர் மேடையில வெளியூர்க்காரங்க பலபேர் 'பாபநாசம் சிவன் பிறந்த மண்'னு ஆரம்பிப்பாங்க. அவர் பேர்ல உள்ள பாபநாசம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். எங்க ஊர் பாபநாசநாதர் கோயிலும் அகத்தியர் அருவியும் இருக்கிற ஊர். மேடையில திருத்தவும் முடியாது, தலையை ஆட்டிக்கிட்டு இருப்போம்.)

கடைசியில எங்க ஊர்க் கூட்டத்துக்குன்னு வந்த அட்டை இது:

"இன்னைக்கு நம்ம கூட வந்து உட்கார்ந்திருக்கிறவர் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்துல பிறந்தவர். விளைபொருளுக்கு அரசு அறிவிக்கிற விலை, சாகுபடிச் செலவுக்கு மேல குறைஞ்சது 50 சதவீதம் கூடுதலா இருக்கணும்னு பரிந்துரை செஞ்ச தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கு இவர்தான் தலைவர். பிலிப்பைன்ஸ்ல இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்தை ஆறு வருஷம் நடத்தினவர். 1960-கள்ல குட்டை ரகக் கோதுமை நம்ம நாட்டு வயலுக்கு வர்றதுக்கு முன்னே நின்னவர். உலக உணவுப் பரிசை 1987-ல முதன்முதலா வாங்கினவர். ஐயா எம்.எஸ். சுவாமிநாதன்."

நிதானமா வாசிச்சா ஒரு நிமிஷம்கூட ஆகலை. பேர் முதல்லயும் கடைசியிலயும் வருது. கடைசியில மட்டும் பேரை வச்சா பட்டிமன்றத்துக்கு நல்லா இருக்கும், எங்க ஊர்ல அதுவரைக்கும் "யாருல இது?"ன்னு பக்கத்துல கேட்டுக்கிட்டே இருப்பாங்க, ஒரு வரியும் காதுல விழாது. விருது ஒண்ணே ஒண்ணு, அதுவும் கடைசியில. மத்ததை அழைப்பிதழ்ல போட்டுக்கலாம்.

இதே ஆள் நடவுக்குப் போற பெண்கள் குழுவுக்கு வந்தா? முதல் வரி மாறணும். மாநிலங்களவையில உறுப்பினரா இருந்தப்போ பெண் விவசாயிகள் உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தவர் அவர். நிலம் பேர்ல இல்லாட்டியும் வயல்ல வேலை செய்யுற பெண்ணை விவசாயின்னு ஒத்துக்கணும்கிறதுதான் அதோட சாரம். எங்க தெருவுல பாதிப் பேருக்கு அந்த வழக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கு. அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் கீழே போகும், கோதுமையை விட்டுடலாம்.

இயற்கை விவசாயம் பண்ணுறவங்க கூட்டத்துலதான் சிக்கல். 'பசுமைப் புரட்சியின் தந்தை'ன்னா சில இடத்துல கைதட்டு, அங்கே முணுமுணுப்பு. 1968-ல வாரணாசியில நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுலயே, மண்வளத்தைக் கவனிக்காம தீவிரமா சாகுபடி பண்ணினா ஆபத்துன்னு அவர் எச்சரிச்சிருக்கார். அங்கே அது முதல் வரி. என் அண்ணன் மகள், "அப்போ பசுமைப் புரட்சியைச் சொல்லாம விட்டுடலாமா?"ன்னு கேட்டா. கூடாதுன்னேன். ரெண்டாவது வரியில அது வந்தே ஆகணும். வரிசையை மாத்துறதுக்கு நமக்கு உரிமை உண்டு, ஆளை மாத்துறதுக்குக் கிடையாது. அதோட, கேட்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை மறைச்சா, முதல் வரியையும் நம்ப மாட்டாங்க.

இப்படிக் கேட்கிறவங்களுக்காக வரிசை மாத்தினா விருந்தினர் மனசு நோகாதான்னு ஊர்ல சிலர் சொல்லுதாங்க. நோகலாம். அதனாலதான் எழுதின அட்டையை முந்தின நாள் போன்ல அவருக்கே வாசிச்சுக் காட்டிடறோம். இன்னும் பதவியில இருக்காரா ஓய்வா, பேருக்கு முன்னால உள்ள எழுத்து சரியா, 'செய்தார்'னு இருக்கணுமா 'செய்த குழுவில் இருந்தார்'னு இருக்கணுமா, எல்லாம் அங்கேயே தெளிஞ்சுடும். இதுவரைக்கும் ஒருத்தர் மட்டும் ஒரு விருதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம், கடைசியில.

போன்ல கேட்கிற முதல் கேள்வியை மட்டும் நாங்க மாத்துறதே கிடையாது: "ஐயா, எங்க ஊர்ப் பயிரோடயோ வாய்க்காலோடயோ உங்களுக்கு எப்பவாவது வேலை இருந்திருக்கா?" தன்விவரத்துல இல்லாதது இதுலதான் வரும். அடுத்த மாசம் வர்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர். தன்விவரம் முழுக்கச் சென்னைப் பாலங்கள். அண்ணன் மகள் கேட்டப்போ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வேலையில சேர்ந்த புதுசுல ரெண்டு வருஷம் கோடைமேலழகியான் வாய்க்கால் மடைகளை அளந்தேனேம்மான்னு சொல்லியிருக்கார். எங்க கடைமடைக்குத் தண்ணி ஒழுங்கா வந்து நாலு வருஷம் ஆகுது. அட்டையில முதல் வரி எழுதியாச்சு.