கோபுரம் யாருடையது?

பத்திரிகைக்கு எழுத ஆசைப்படும் இராஜபாளையம் மாணவத் தோழர் ஒருவர், எந்தப் புஸ்தகம் படிக்கலாம் என்று நம்மைக் கேட்டார். கையில் ஒரு வியாசமும் வைத்திருந்தார். அதில் முதல் வாக்கியமே, "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் 11 நிலைக் கோபுரமே 1949-ல் நம் அரசாங்க முத்திரையாயிற்று" என்பதாகும். இது உமக்கு எப்படித் தெரியும் என்றோம். எல்லோரும் சொல்லுகிறார்களே ஐயா என்றார். எல்லோரும் சொல்லுவதைத் திருப்பிச் சொல்லுவதற்குப் பத்திரிகை எதற்கு? டீக்கடை போதாதா?

சரி, புஸ்தகத்திற்கு வருவோம். செய்தி எழுதும் முறைக்கு மா.பா. குருசாமி அவர்களின் "இதழியல் கலை" தமிழிலேயே இருக்கிறது. சரிபார்ப்பதற்கென்றே புரூக் போரெல் என்ற அம்மையார் 2016-ல் இங்கிலீஷில் "சிகாகோ கைடு டு ஃபேக்ட்-செக்கிங்" என்று ஒன்று எழுதியிருக்கிறார். வார, மாதப் பத்திரிகைகள் சிலவற்றில் சரிபார்க்கவே தனி ஆள் உண்டென்றும், தினசரியிலோ எழுதினவனே பெரும்பாலும் சரிபார்க்க வேண்டுமென்றும் அதில் விளக்குகிறார். ஆகையால் நம் தோழருக்கு வேறு ஆள் வரப்போவதில்லை. எழுதினதை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்கதிக்கும் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ஆதாரத்தைக் குறித்து, தீர்ந்ததை அடித்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே செய்து பார்த்தோம். "11 நிலை": பஸ் ஏறிப் போய் எண்ணினால் தீர்ந்தது. "ஆண்டாள் கோவில்": இங்கேயே இடறுகிறது. அந்தப் பெரிய கோபுரம் வடபத்திரசாயி சன்னிதியினுடையது. ஆண்டாள் சன்னிதி பக்கத்தில் தனியாக இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டாலே இது தெரிந்திருக்கும்.

"அதே கோபுரம்தான்" என்பதே பெரிய வம்பு. பத்துப் புஸ்தகத்தில் இருக்கிறதே என்கிறார் தோழர். பத்தும் ஒன்றைப் பார்த்துக் காப்பி அடித்ததானால் அது ஒரே சாட்சிதான். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரைக்காரர், அவர் மாதிரியாகக் கொண்டது மீனாட்சி கோவிலின் மேற்குக் கோபுரம் என்றும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. மதுரைக் கோபுரத்திற்கு 9 நிலை. அப்படியானால் முத்திரையிலே நிலைகளை எண்ணிவிடலாமே என்று தோழர் துள்ளினார். அது சித்திரம், அளவெடுத்த பிளான் அல்ல. சின்ன முத்திரையில் நிலை கூடக் குறைய இருக்கலாம். அந்த எண்ணிக்கை துப்பாகுமே தவிர ருஜுவாகாது.

பின் என்ன வழி? 2005-ம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் தலைமைச் செயலகத்துக்கு மனுப் போட்டு, முத்திரையை ஏற்ற உத்தரவின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உத்தரவில் கோபுரத்தின் பெயரே இல்லாமலும் இருக்கக்கூடும். அப்போது, "ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பொதுவான பேச்சு, மதுரைக் கோபுரம் என்பாரும் உண்டு, உத்தரவில் பெயரில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரார் கோபித்துக்கொள்ளுவார்கள் என்று தோழர் தயங்குகிறார். அதே முத்திரையில் கோபுரத்தைச் சுற்றி "வாய்மையே வெல்லும்" என்று போட்டிருக்கிறதே, அதைக் காட்டச் சொன்னோம். மனுவை எழுதி முடித்துவிட்டார்; இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.