மருந்தையே எதிர்க்கும் குருதி: ஹீமோபீலியா சிகிச்சையின் புதிய வழிகளும் எட்டாத விலையும்

குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களுள் எட்டாம் காரணி குறைவாக இருப்பதே ஹீமோபீலியா 'ஏ' ஆகும். ஒன்பதாம் காரணி குறைவாயின் அது ஹீமோபீலியா 'பி' எனப்படும். தாய்வழியாகக் கடத்தப்படும் இந்நோயினால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகின்றனர். தாய்மாமனுக்கோ சகோதரனுக்கோ குருதி நிற்காத வரலாறு இருக்குமாயின், 'கத்னா' செய்வதற்கு முன்னரே அதனை வைத்தியருக்குத் தெரிவிப்பது பெற்றோரின் கடமையாகும். பல குழந்தைகளில் இந்நோய் முதன்முதலாக வெளிப்படுவது அவ்வேளையிலேதான்.

இல்லாத காரணியை ஊசி மூலம் ஏற்றுவதே பல தசாப்தங்களாக நடைமுறையிலிருந்து வரும் சிகிச்சையாகும். 20 கிலோகிராம் நிறையுள்ள சிறுவன் ஒருவனை உதாரணமாகக் கொள்வோம். அவனது முழங்கால் மூட்டினுள் குருதி கசிகின்றது. எட்டாம் காரணியை இயல்பான அளவின் 40 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஓர் அலகு மருந்து ஏற்றினால் காரணியின் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். ஆகவே இச்சிறுவனுக்கு 400 அலகுகள் தேவைப்படும். ஆயினும் சுமார் 12 மணித்தியாலங்களில் அதில் பாதி குறைந்துவிடும் என்பதால், மீண்டும் ஊசி ஏற்ற வேண்டியுள்ளது.

சிக்கல் எழுவது இதன் பின்னராகும். கடுமையான ஹீமோபீலியா 'ஏ' உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் ஒரு பங்கினர் வரை, ஏற்றப்படும் காரணியை உடல் அந்நியப் பொருளாகக் கருதி அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. இவையே 'தடுப்பான்கள்' எனப்படுகின்றன. பெரும்பாலும் முதல் 50 நாள் மருந்தேற்றலுக்குள்ளேயே இவை தோன்றிவிடும். வழமையான அளவு மருந்து கொடுத்தும் வீக்கம் குறையாதிருப்பது முதல் அறிகுறியாகும். மேற்கூறிய சிறுவனுக்கு 400 அலகுகள் ஏற்றி அரை மணித்தியாலத்தில் பரிசோதிக்கும்போது 40 சதவீதத்துக்குப் பதிலாக 8 சதவீதமே காணப்படுமாயின், தடுப்பானைச் சந்தேகிக்க வேண்டும். அதன் வலிமை பெதெஸ்டா அலகினால் அளக்கப்படுகின்றது. 5 அலகுக்கு மேற்படின், காரணியை எவ்வளவு ஏற்றினும் பொதுவாகப் பயன் கிட்டாது. இப்பரிசோதனையைச் செய்யாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டு போவது, விலையுயர்ந்த மருந்தை விரயமாக்குவதுடன் மூட்டினையும் சேதமாக்கிவிடும்.

அத்தகையோருக்கு எட்டாம் காரணியைத் தவிர்த்து வேறு பாதையால் குருதியை உறையச் செய்யும் மருந்துகள் உள்ளன. செயலூக்கப்பட்ட ஏழாம் காரணி அவற்றுள் ஒன்று. கிலோகிராமுக்கு 90 மைக்ரோகிராம் வீதம் இச்சிறுவனுக்கு ஒரு தடவைக்கு 1.8 மில்லிகிராம் தேவை; குருதி நிற்கும்வரை இரண்டு அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதனை ஏற்ற வேண்டும்.

இந்நிலையை மாற்றியது 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் ஆகும். இது காரணி அல்ல. எட்டாம் காரணி செய்யும் இணைப்பு வேலையைத் தானே செய்யும் ஒரு பிறபொருளெதிரியாகும். ஆகவே தடுப்பான்கள் இதனை அடையாளங்காண்பதில்லை. தோலின் கீழ் ஏற்றினால் போதும். நமது சிறுவனுக்கு முதல் நான்கு வாரங்கள் வாரந்தோறும் 60 மில்லிகிராமும், பின்னர் வாரந்தோறும் 30 மில்லிகிராமும் கொடுக்கப்படும். தடுப்பான் உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் குருதிப்பெருக்கு 87 சதவீதம் குறைந்தது.

எனினும் இது வருமுன் காக்கும் மருந்தேயன்றி, குருதி வழியும் வேளையில் நிறுத்தும் மருந்தன்று. அத்துடன், உறைதலைத் தூண்டும் செயலூக்கப்பட்ட காரணிக் கலவையை இதனுடன் மிகுதியாகக் கொடுத்தபோது குருதிக் குழாய்களில் ஆபத்தான கட்டிகள் ஏற்பட்டுள்ளன. இம்மருந்து பெறுபவரின் சாதாரண உறைதல் பரிசோதனை இயல்பானது போன்று தோன்றும் என்பதால், அவசர சிகிச்சைப் பிரிவு ஏமாறவும் கூடும். ஆகவே நோயாளி எப்போதும் தன்னுடன் மருந்து விபர அட்டையை வைத்திருப்பது அவசியமாகும்.

பரம்பரையலகுச் சிகிச்சையின் நிலை இன்னும் சிக்கலானது. தீங்கற்றதாக்கப்பட்ட வைரசு ஒன்றின் மூலம் சரியான பரம்பரையலகு ஈரற்கலங்களுக்கு அனுப்பப்படுகின்றது. ஹீமோபீலியா 'பி' க்கான இத்தகைய மருந்தொன்று 2022இல் அமெரிக்காவில் 35 இலட்சம் டொலர் விலையுடன் அனுமதி பெற்றது. 'ஏ' வகைக்கான மருந்து 2023இல் அங்கு அனுமதி பெற்றபோதிலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் குறைந்து வருவது கண்டறியப்பட்டுள்ளது. பைசர் நிறுவனம் தனது மருந்தை 2025இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இவை வயது வந்தோருக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. தடுப்பான் உள்ளவர்களுக்கோ வழங்கப்படுவதில்லை. அதாவது, மிகவும் துன்புறும் நோயாளிக்கே இக்கதவு மூடப்பட்டுள்ளது. ஆகவே நிதி குறைந்த நாடுகள் இத்துறையில் செலவிடும் முதல் ரூபாய், தடுப்பானைக் காலத்துடன் கண்டறியும் ஆய்வுகூடத்துக்கும், இரண்டாவது தோலின் கீழ் ஏற்றும் மருந்துக்கும் செல்வதே நியாயமானதாகும்.