மேற்கோளுக்குள் ஒரு மேற்கோள்குறி

இணைய வழங்கியின் அணுகல் பதிவுகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வேடுகள், வரிகளைப் புலங்களாகப் பிரித்த ரெகெக்ஸையும் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம் ஒரு மேற்கோள்குறி. அப்பாச்சி எழுதும் இவ்வகை வரியைக் காண்க:

```
192.0.2.7 - - [12/Mar/2024:10:15:32 +0530] "GET /sol?q=\"agam\" HTTP/1.1" 200 512
```

கோரிக்கை மேற்கோள்குறிகளுக்குள் அமைவதால், பலரும் அதனை `"([^"]*)"` என்று பிடிக்கின்றனர்; அதாவது, அடுத்த மேற்கோள்குறி வரும்வரை உள்ள அனைத்தும். ஆனால் கோரிக்கைக்குள்ளேயே மேற்கோள்குறி வந்தால், அப்பாச்சி அதன்முன் ஒரு பின்சாய்கோட்டை இடுகிறது. ரெகெக்ஸ் அக்குறியையே முடிவெனக் கொள்கிறது. அடுத்து நிலை எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் `agam` நிற்பதால், வரி முழுவதும் பொருந்தாமல் போகிறது. உள்ளடக்கமாக நிற்கும் குறியை எல்லைக்குறியாகப் படித்ததன் விளைவு இது. திருத்தம் எளிது:

```
"((?:[^"\\]|\\.)*)"
```

மேற்கோள்குறியும் பின்சாய்கோடும் அல்லாத ஓர் எழுத்து, அல்லது பின்சாய்கோடும் அதனை அடுத்த எழுத்தும் சேர்ந்த இணை. இவை எத்தனை முறையும் வரலாம்.

வரி விடுபட்டாலும் பிழைச்செய்தி எழுவதில்லை. பைத்தானில் `re.match` தரும் `None`ஐ, `if m:` என்ற வரி ஓசையின்றிக் கடந்துவிடும். விடுபடுபவை தற்செயலானவையும் அல்ல. உலாவிகள் பொதுவாக மேற்கோள்குறியை `%22` என மாற்றியே அனுப்புகின்றன. மாற்றாமல் அனுப்புபவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். அவற்றின் வரிகள் மறையும்போது, மனிதப் பயனரின் பங்கு உள்ளதைவிட மிகுந்து தோன்றும். எனவே பொருந்தாத வரிகளின் எண்ணிக்கையும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.