சான்றிதழ் மாறியது, பதிவேடு மாறவில்லை

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக நான் வேலை செய்யும் சிறிய அறைக்கு வருபவர்களில் பலர் வெளிநாடு போக இருப்பவர்கள். கையில் பிறப்புச் சான்றிதழ், க.பொ.த. பெறுபேறு, ஏதாவது ஒரு டிப்ளோமா, கடவுச்சீட்டு. நான்கையும் மேசையில் பரப்பி வைத்தால், நான்கிலும் ஒரே பெயர் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். அதிலும் பெயரைச் சட்டப்படி மாற்றிக் கொண்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அப்படி வந்த ஒரு சகோதரியின் விடயத்தை வைத்தே இந்தப் பிரச்சினையைப் பேச விரும்புகிறேன். அவருடைய விபரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

அவர் ஒரு தாதி. பிறந்தபோது வைத்த பெயரின் பொருள் நல்லதல்ல என்பதைப் பிற்காலத்தில் அறிந்து, 24 வயதில் பெயரை மாற்றிக் கொண்டார். அதற்குள் தாதியர் டிப்ளோமாவையும் முடித்து, தாதியர் பேரவையிலும் பதிவு செய்து, தனியார் வைத்தியசாலை ஒன்றில் இரண்டு வருடம் வேலையும் செய்திருந்தார். எல்லாமே பழைய பெயரில்.

பெயர் மாற்றத்தை அவர் முறையாகவே செய்திருந்தார். எம்மவர்களில் பலர் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி முடித்துவிட்டால் பெயர் மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது மாற்றம் அல்ல. இந்த இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கின்றன என்று ஒருவர் சத்தியம் செய்து சொல்வது மட்டுமே அது. நம் நாட்டில் பெயரை மாற்றும் வழி, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின் கீழ் பிறப்புப் பதிவிலேயே மாற்றத்தைக் குறிக்கச் செய்வது. பிறப்பு பதிவான பிரதேசத்தின் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை. மாற்றமும் அதே பதிவில் எழுதப்படுகிறது. ஆகவே புதிதாகப் பெறும் பிறப்புச் சான்றிதழின் பிரதியில் இரண்டு பெயர்களையும் காணலாம். பிந்திய வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுவே பாலம். இரண்டாவது பாலம் அடையாள அட்டை இலக்கம். பெயர் மாறி புதிய அட்டை வந்தாலும் இலக்கம் மாறுவதில்லை.

அவரும் அடையாள அட்டையை மாற்றினார், பிறகு புதிய பெயரில் கடவுச்சீட்டு எடுத்தார். அதன் பின் தான் படித்த தாதியர் கல்லூரிக்குப் போய், திருத்திய பிறப்புச் சான்றிதழைக் காட்டி, டிப்ளோமாவைப் புதிய பெயரில் கேட்டார். பழையதைக் கையளித்ததும் இரண்டு வாரத்தில் புதியது கிடைத்தது. அழகான தாள், முத்திரை, கையொப்பம். அவரும் வாப்பாவும் வேலை முடிந்தது என்று சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

முடியவில்லை. வளைகுடா நாடுகளின் சுகாதார அதிகாரசபைகள் தாதியருக்கு அனுமதி வழங்குமுன், டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் மூலம் சான்றிதழ்களை மூலத்திலேயே சரிபார்க்கின்றன. விண்ணப்பதாரி கொடுக்கும் தாள் அழகாக இருக்கிறதா என்பது அவர்களுடைய கேள்வி அல்ல. அந்தத் தாளின் பிரதியை வழங்கிய நிறுவனத்துக்கே அனுப்பி, இதை இவருக்கு நீங்கள் வழங்கினீர்களா என்று கேட்கிறார்கள். கல்லூரியில் அந்தக் கடிதத்தைப் பார்த்த உத்தியோகத்தர் பட்டியலைத் திறந்து புதிய பெயரைத் தேடினார். இல்லை. அப்படி ஒருவர் எங்களிடம் பயிலவில்லை என்று பதில் போயிற்று.

புதிய டிப்ளோமாவை அச்சிட்டுக் கொடுத்த பிரிவு வேறு, பதிவேட்டைப் பராமரிக்கும் பிரிவு வேறு. தாள் மாறியது, பதிவேடு மாறவில்லை. அதன் விளைவாக, உண்மையாகப் படித்துச் சித்தியடைந்த ஒருவர், போலிச் சான்றிதழ் கொடுத்தவர் என்ற சந்தேகத்துக்கு ஆளானார். அவர் என்னிடம் வந்தது அந்தக் கட்டத்தில்தான். “சேர், நான் படிச்ச இடமே என்னத் தெரியாது எண்டு சொல்லுது” என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

இதிலிருந்து நாம் விளங்கிக் கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுதான். நம் கையில் இருக்கும் சான்றிதழ் மூலம் அல்ல, அது ஒரு பிரதி. மூலம் என்பது வழங்கிய நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள அந்த ஒரு வரி. அந்த வரியில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து எழுதப்படும் வரை, எத்தனை தாள்களை மாற்றினாலும் பெயர் மாற்றம் முழுமையடையாது.

ஆகவே வழங்கிய நிறுவனத்துக்கு எழுதும்போது, “சான்றிதழைப் புதிய பெயரில் தாருங்கள்” என்று மட்டும் கேட்பது போதாது. கடிதத்தில் பழைய பெயர், புதிய பெயர், அடையாள அட்டை இலக்கம், சுட்டெண் அல்லது பதிவு இலக்கம், வருடம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு பெயர்களும் ஒரே பதிவு இலக்கத்தின் கீழ் குறிக்கப்பட வேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்டதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரப்பட வேண்டும். வெளியிலிருந்து சரிபார்ப்புக் கோரிக்கை வந்தால் எந்தப் பிரிவு, எந்தப் பெயரில் பதிலளிக்கும் என்பது சொல்லப்பட வேண்டும். பழைய சான்றிதழைத் திருப்பிக் கேட்டால், ஒப்படைக்குமுன் அதன் இரு பக்கங்களையும் பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சகோதரியிடம் பழைய டிப்ளோமாவின் பிரதி கூட இருக்கவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைக்க வேண்டும். எல்லாச் சான்றிதழும் ஒரே வகை அல்ல. சில பதிவுகள் இன்றும் உயிரோடு இருப்பவை. தாதியர் பேரவையிலோ மருத்துவப் பேரவையிலோ உள்ள பதிவு அப்படிப்பட்டது. அது நீங்கள் இன்று வேலை செய்யத் தகுதியுள்ளவர் என்று சொல்கிறது. ஆகவே அது இன்றைய பெயரில் இருந்தே ஆக வேண்டும். இன்னும் சில, கடந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்பவை. பரீட்சைப் பெறுபேறும் வேலை அனுபவக் கடிதமும் அந்த வகை. அந்த நாளில் அந்தப் பெயரில்தான் நீங்கள் பரீட்சை எழுதினீர்கள் என்று சொல்லி, சில நிறுவனங்கள் பழைய சான்றிதழைப் புதிய பெயரில் அச்சிட மறுக்கும். பல பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழ் விடயத்தில் இப்படித்தான் நடந்து கொள்கின்றன. இதை அநியாயம் என்று எடுத்துக் கொள்ளத் தேவையில்லை. அங்கே கேட்க வேண்டியது புதிய தாள் அல்ல, இரண்டு பெயர்களும் ஒருவருடையதே என்று அந்த நிறுவனமே எழுதும் கடிதம். நம்முடைய சத்தியக்கடதாசியை விட அதற்குக் கனம் அதிகம்.

சகோதரியின் விடயத்தில் இந்த வரிசையிலேயே போனோம். முதலில் கல்லூரியின் பதிவேடு. திருத்திய பிறப்புச் சான்றிதழையும் மாணவர் இலக்கத்தையும் வைத்துப் பதிவாளரைச் சந்தித்த பிறகு, இரண்டு பெயர்களும் ஒரே வரியில் குறிக்கப்பட்டன. அடுத்து தாதியர் பேரவையின் பதிவு புதிய பெயருக்கு மாறியது. வைத்தியசாலையின் அனுபவக் கடிதத்தை மாற்றவில்லை. அதன் அடியில், “முன்னர் இன்ன பெயரால் அறியப்பட்ட இவரே” என்று சேர்த்து, அடையாள அட்டை இலக்கத்துடன் புதிய கடிதமாக வாங்கினோம். அதன் பின்பே மீண்டும் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தார். கட்டணத்தை மீண்டும் கட்ட நேர்ந்தது. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் பழைய டிப்ளோமாவுக்கு முன்பு செய்திருந்த அத்தாட்சி புதிய தாளுக்குச் செல்லவில்லை. அதையும் புதிதாகச் செய்தார். மொத்தத்தில் ஏழு மாதங்கள் போயின. முதலில் கிடைத்த வேலை வாய்ப்பு அதற்குள் கைநழுவிப் போனது. இரண்டாவது வாய்ப்பில்தான் அவர் பயணமானார்.

பெயரைச் சட்டப்படி மாற்றாதவர்களும் இதே சிக்கலில் மாட்டுகிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எமது பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் அல்லது சிங்களத்தில் உள்ளன. ஆங்கில எழுத்துக் கூட்டல் எங்கே முதலில் தீர்மானமாகிறது? பெரும்பாலும் பதினோராம் ஆண்டில், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தை வகுப்பாசிரியர் நிரப்பும்போது. முஹம்மத் என்பதை ஒரு எம் போட்டு எழுதுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகச் சுருங்குகிறது, இன்னோரிடத்தில் முழுமையாக விரிகிறது. பிறகு என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு மூன்றாவது கூட்டல் ஒன்றைச் சேர்க்கிறார். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் கடவுச்சீட்டைப் பார்க்காமல் பிறப்புச் சான்றிதழை நான் மொழிபெயர்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு 27 ஆம் பிரிவு தேவையில்லை. பெயர் மாறவில்லை, எழுத்துத்தான் மாறியிருக்கிறது. இங்கு வழங்கிய நிறுவனத்திடம் கேட்க வேண்டியது திருத்தம் அல்லது ஒரே ஆள் என்ற உறுதிக் கடிதம். இதைப் பெயர் மாற்றம் என்று எழுதி விண்ணப்பித்தால், இல்லாத மாற்றத்துக்குச் சட்ட ஆவணம் கேட்பார்கள், அதைக் கொடுக்க வழியே இருக்காது.

நாட்டில் டிஜிட்டல் அடையாளத் திட்டம் பேசப்படும் காலம் இது. முன்பு பெயரைப் பார்த்தது ஒரு மனிதர். ஒரு எழுத்துப் பிசகினாலும் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று அவர் விடலாம். தரவுத்தளம் அப்படி விடாது. அது எழுத்தோடு எழுத்தை ஒப்பிடும். ஆகவே சான்றிதழ் வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும், சிறிய தனியார் கல்லூரி உட்பட, தன் பதிவேட்டில் முன்னைய பெயர் என்று ஒரு நிரலைச் சேர்த்து, அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடும் வசதியையும் செய்ய வேண்டும். அந்த ஒரு நிரல் இருந்திருந்தால் அந்தச் சகோதரிக்கு ஏழு மாதங்கள் போயிருக்காது. எமது பாடசாலை அதிபர்களும், பரீட்சை விண்ணப்பம் போகுமுன் ஆங்கிலப் பெயரை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அனுப்பி, பெற்றோரின் கையொப்பத்துடன் திரும்பப் பெறலாம். செலவு ஒரு தாள்தான்.

பெயரை மாற்ற இருப்பவர்களுக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பிரதேச செயலகத்துக்குப் போகுமுன், உங்களுக்குச் சான்றிதழ் தந்த நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே அவர்களுக்கும் கடிதம் போடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எழுத்தில் பதில் வந்த பிறகு, அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். புதிய சான்றிதழ் கைக்கு வந்ததற்காக அந்தக் கோட்டைப் போட வேண்டாம்.