புகார் கொடுத்த முதல் வாரம்: கருத்தரங்கில் கேட்ட மூன்று செய்திகள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்துச் சென்ற ஞாயிறு மாலை நடந்த இணையவழிக் கருத்தரங்கில் எங்கள் குழுவினர் கலந்துகொண்டோம். பேசிய மூவரும் சட்டத்தின் பெருமையைப் பேசவில்லை. வழக்கு எங்கே தோற்கிறது என்றுதான் பேசினார்கள். அவர்கள் குறிப்பிட்ட வழக்குகள் விசாரணையில் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறோம்.

முதல் செய்தி பெண் வழக்கறிஞர் சொன்னது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த பெண்ணை ஒருவர் சாதிப்பெயர் சொல்லித் திட்டினார். புகாரில் இருந்தது, "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்ற ஒரு வரி மட்டும். எந்த இடம், யார் யார் நின்றார்கள், என்ன வார்த்தை, திட்டியவர் எந்தச் சாதி என்பது எதுவுமில்லை. பிரிவு 3(1)(ஆர்)-இன்படி அவமதிப்பு பிறர் பார்வையில் நடந்திருக்க வேண்டும். செய்தவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்கக்கூடாது. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தால் இப்பிரிவு பொருந்தாது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழாயடியில் நான்கு பேர் நின்றிருந்தும், புகாரில் அவர்கள் இல்லாததால் எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிட்டது.

இரண்டாவது, ஆதிதிராவிடர் நலத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் சொன்னது. தீருதவிக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய விதிகளின்படி இந்தக் குற்றத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் கால் பங்கு, அதாவது 25,000. குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் பாதி. தண்டனை கிடைத்தால் மீதி. உடனடி நிவாரணத்துக்கு விதி 12 தரும் கெடு ஏழு நாள். கையில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் இருந்தால் இந்தக் கணக்கே தொடங்காது. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்பதைப் பிரிவு 18ஏ-வைக் காட்டிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, களப்பணித் தோழர் சொன்னது. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. இது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனாலும் எதிரி தெருவில் நடந்து வரும்போதுதான் பல குடும்பங்களுக்கு ஜாமீன் செய்தி தெரிகிறது. தகவல் தராமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்யக் கோரலாம்.

ஒன்றை மட்டும் நாங்கள் சேர்த்துச் சொல்கிறோம். அந்த ஒரு வரிப் புகாருக்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை. வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று பிரிவு 4 காவல் அதிகாரியைக் கட்டுப்படுத்துகிறது. வேண்டுமென்றே தவறினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இல்லாமல் வழக்கே போட முடியாது. தவறு செய்தவர் மீது வழக்குப் போட அவர் துறையின் பரிந்துரைக்கே காத்திருக்க வேண்டிய இந்த நிலை மாற வேண்டும். அதுவரை, கையெழுத்துப் போடுமுன் "படித்துக் காட்டுங்கள் அய்யா" என்று கேட்போம்.