பூச்சியம் வந்தால் பேனாவை மூடாதீர்கள்!



மூன்று மாறிகள் கொண்ட மூன்று ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? கெழுக்களைக் கொண்டு அணிக்கோவை அமைக்கிறீர்கள். அதன் மதிப்பு பூச்சியம் என்று வந்துவிட்டால், "Δ = 0; ஆகவே தீர்வு இல்லை" என்று ஒரு வரி எழுதிப் பேனாவை மூடிவிடுகிறீர்கள். விடைத்தாள்களில் இந்த வரியை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்த வரி தவறு. Δ = 0 என்பது "ஒரே ஒரு தீர்வு என்பது இல்லை" என்று மட்டுமே சொல்கிறது. தீர்வே கிடையாதா, அல்லது எண்ணற்ற தீர்வுகள் உண்டா என்பதை அது சொல்வதில்லை.

இத்தகைய கணக்குகளுக்கு நீக்கல் முறையே முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி என்பது என் கருத்து. அது விடையைத் தருகிறது. விடை இல்லாதபோது, ஏன் இல்லை என்ற காரணத்தையும் தருகிறது. அணிக்கோவையை இன்னும் படிக்காதவர்கள் தயங்க வேண்டாம். இதற்குப் பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

இந்த முறைக்கு ஜெர்மானியக் கணித மேதை காஸ் (1777–1855) பெயர் வழங்குகிறது. பாலஸ் என்னும் சிறுகோளின் பாதையைக் கணக்கிடும்போது அவர் இதை ஒழுங்குபடுத்திக் கையாண்டார். ஆனால் முறை அவருக்கு மிகவும் மூத்தது. சீனாவில் ஹான் வம்சக் காலத்தில் உருவான 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலின் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இதுதான். எண்ணுகுச்சிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் கணக்கிட்டார்கள். அந்த அத்தியாயத்தின் முதல் கணக்கையே நாமும் செய்து பார்ப்போம்.

மேல்தரக் கதிர் 3 கட்டு, நடுத்தரக் கதிர் 2 கட்டு, கீழ்த்தரக் கதிர் 1 கட்டு. இவற்றை அடித்தால் 39 அளவு தானியம் கிடைக்கிறது. 2, 3, 1 கட்டுகளில் 34 அளவு. 1, 2, 3 கட்டுகளில் 26 அளவு. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்?

3x + 2y + z = 39 ... (1)
2x + 3y + z = 34 ... (2)
x + 2y + 3z = 26 ... (3)

முதலில் (2), (3) ஆகியவற்றிலிருந்து x-ஐ நீக்குவோம். (2)-ஐ 3-ஆல் பெருக்கி, அதிலிருந்து (1)-இன் இரு மடங்கைக் கழித்தால் (4) கிடைக்கும். (3)-ஐ 3-ஆல் பெருக்கி (1)-ஐக் கழித்தால் (5) கிடைக்கும்.

5y + z = 24 ... (4)
4y + 8z = 39 ... (5)

இனி y-ஐ நீக்க வேண்டும். (5)-இன் ஐந்து மடங்கிலிருந்து (4)-இன் நான்கு மடங்கைக் கழித்தால் 36z = 99. ஆகவே z = 2¾. இதை (4)-இல் இட y = 4¼; இரண்டையும் (1)-இல் இட x = 9¼. சீன நூல் தரும் விடையும் இதுவே.

இப்போது கணக்கை ஓர் இடத்தில் மட்டும் மாற்றுவோம். மூன்றாவது குவியலில் 1, 4, 1 கட்டுகள் இருந்தன என்றும், கிடைத்தது 29 அளவு என்றும் கொள்வோம்.

x + 4y + z = 29 ... (3அ)

பார்த்த மாத்திரத்தில் இதில் குறை ஏதும் தெரிகிறதா? தெரியவில்லை. முன்போலவே (3அ)-ஐ 3-ஆல் பெருக்கி (1)-ஐக் கழியுங்கள்.

10y + 2z = 48 ... (5அ)

இது (4)-இன் சரியான இரு மடங்கு! கழித்தால் 0 = 0 என்று ஒரு வரி முழுவதும் மறைந்துவிடுகிறது.

பேனாவை மூடாமல் நிற்க வேண்டிய இடம் இதுதான். இந்தப் பூச்சிய வரி எப்படி வந்தது என்று வந்த வழியே திரும்பிப் பாருங்கள். (5அ) என்பது (3அ)-இன் மூன்று மடங்கிலிருந்து (1)-ஐக் கழித்தது. (4) என்பது (2)-இன் மூன்று மடங்கிலிருந்து (1)-இன் இரு மடங்கைக் கழித்தது. நாம் முன்னதிலிருந்து பின்னதன் இரு மடங்கைக் கழித்தோம். எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால், (3அ)-இன் மூன்று மடங்கு, கழித்தல் (2)-இன் ஆறு மடங்கு, கூட்டல் (1)-இன் மூன்று மடங்கு, பூச்சியம் என்று ஆகிறது. 3-ஆல் வகுத்துவிட்டால், (2)-இன் இரு மடங்கிலிருந்து (1)-ஐக் கழித்தால் (3அ) கிடைக்கும் என்பது வெளிப்படும். சரிபாருங்கள்: 4 − 3 = 1, 6 − 2 = 4, 2 − 1 = 1, 68 − 39 = 29. மூன்றாவது குவியலை அடித்ததால் புதிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை. முதல் இரண்டு குவியல்கள் சொன்னதையே அது திருப்பிச் சொன்னது.

கையில் இருப்பவை உண்மையில் இரண்டு சமன்பாடுகளே. ஆகவே y-க்கு விரும்பிய மதிப்பு t என்று கொடுக்கலாம். (4)-இலிருந்து z = 24 − 5t; பின்னர் (1)-இலிருந்து x = t + 5. t = 4 எனில் விடை 9, 4, 4. t = 1 எனில் 6, 1, 19. இரண்டுமே மூன்று சமன்பாடுகளுக்கும் பொருந்துகின்றன. தானியம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் t-இன் மதிப்பு 0-க்கும் 4.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் எண்ணற்ற விடைகள் உண்டு.

இதே மூன்றாவது குவியலில் 29-க்குப் பதிலாக 30 அளவு கிடைத்தது என்று ஒருவர் சொன்னால்? இடப்பக்கம் முன்போலவே மறைந்துவிடும். வலப்பக்கம் 51 − 48. அதாவது 0 = 3. இப்படி ஒரு வரி வந்தால் தீர்வே கிடையாது. ஏன் என்றும் நம்மால் சொல்ல முடியும்: முதல் இரண்டு குவியல்களும் உண்மையானால் மூன்றாவதில் 29 தான் கிடைத்திருக்க வேண்டும். 30 என்றால், மூன்று அளவுகளில் ஒன்றாவது பிழை. "Δ = 0" என்ற ஒற்றை வரியிலிருந்து இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைத்திருக்குமா? 29-க்கும் 30-க்கும் Δ ஒன்றேதான், ஏனெனில் அதில் வலப்பக்க எண்கள் இடம் பெறுவதே இல்லை.

"Δ மட்டும் அன்று, Δx, Δy, Δz மூன்றும் பூச்சியமானால் எண்ணற்ற தீர்வுகள், ஒன்றேனும் பூச்சியம் அல்லாவிட்டால் தீர்வு இல்லை" என்று சிலர் மனப்பாடமாகச் சொல்வதுண்டு. இதில் பின்பாதி சரி. முன்பாதி எப்போதும் சரியன்று. x + y + z = 1, x + y + z = 2, x + y + z = 3 என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அணிக்கோவைகளும் பூச்சியமே. ஆனால் ஒரே கூட்டுத்தொகை 1 ஆகவும் 2 ஆகவும் 3 ஆகவும் இருக்க முடியுமா? நீக்கல் முறையில் முதல் கழித்தலிலேயே 0 = 1 என்று உண்மை வெளியாகிவிடும்.

பூச்சியத்தைக் கண்டு தேவையில்லாமல் அஞ்சுவதும் கூடாது. x + y + z = 6, x + y + 2z = 9, 2x + 3y + z = 11 என்ற கணக்கில் x-ஐ நீக்கினால் இரண்டாவது வரி z = 3 என்றும், மூன்றாவது வரி y − z = −1 என்றும் ஆகும். இரண்டாவது வரியில் y-இன் கெழு பூச்சியமாகிவிட்டதே என்று சிலர் திகைத்து நிற்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வரிகளை இடம் மாற்றி எழுதுங்கள். விடை 1, 2, 3 என்று உடனே கிடைக்கும். ஒரு கெழு பூச்சியமாவது வேறு. ஒரு வரியின் இடப்பக்கம் முழுவதும் பூச்சியமாவது வேறு.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. பெருக்குவதற்குப் பதிலாக ⅓-ஐ 0.33 என்றும், ⅔-ஐ 0.67 என்றும் தசமத்தில் எழுதி, 29 அளவுக் கணக்கை இரண்டு தசம இடங்களுக்குச் செய்து பாருங்கள். இரண்டாவது வரி 1.66y + 0.33z = 7.87 என்றும், மூன்றாவது வரி 3.34y + 0.67z = 16.13 என்றும் வரும். இரண்டாவதை 2.01-ஆல் பெருக்கிக் கழித்தால், மறைய வேண்டிய வரி மறையாமல் 0.01z = 0.31 என்று நிற்கும். z = 31, y = −1.42, x = 3.61 என்று 'ஒரே ஒரு தீர்வு' கிடைத்துவிடும்! பிரதியிட்டுப் பார்த்தால் 38.99, 33.96, 28.93 என்று ஏறக்குறையச் சரியாகவும் இருக்கும். ஏனெனில் அந்த விடை எண்ணற்ற தீர்வுகளில் ஒன்றின் மிக அருகில் இருக்கிறது. ஆகவே பிரதியிட்டுச் சரிபார்ப்பதால் மட்டும் இந்தப் பிழை பிடிபடாது. குறை எண் தானியம் ஓர் எச்சரிக்கை. வகுக்கும் இடத்தில் 0.01 போன்ற மிகச் சிறிய எண் வந்து நிற்பது அதைவிடப் பெரிய எச்சரிக்கை. அப்போது பின்னங்களாகவே வைத்துக்கொண்டு கணக்கை மீண்டும் செய்யுங்கள். கணிப்பொறியும் தசமங்களை ஓர் அளவோடு வெட்டிவிடுவதால் இதே குழப்பம் அதற்கும் நேர்வதுண்டு.

விடைத்தாளில் 0 = 0 அல்லது 0 = 3 என்று வந்தால், அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சமன்பாடு எவற்றிலிருந்து பிறந்தது என்று. அந்த ஒரு வரிக்கு ஆசிரியர்களும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்பேன். நீங்கள் கணக்கிடும்போது பிழை செய்துதான் பூச்சியம் வந்ததோ என்ற ஐயத்தையும் அதுவே தீர்த்து வைக்கும்.

முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு வேலை. (1), (2) ஆகியவற்றோடு மூன்றாவதாக 4x + y + z = 44 என்பதைச் சேர்த்துத் தீருங்கள். பிறகு 44-ஐ 45 ஆக்கித் தீருங்கள். இரண்டு முறையும் அந்தக் கடைசி வரியை எழுத மறவாதீர்கள்.