பாக்கெட்ல ஒரு உருப்படாத பீஸ்

"நல்லா நெட்வொர்க் பண்ணுங்கப்பா!" கண்காட்சிக்கு பஸ் ஏறும்போது சீனியர்ல இருந்து ஸ்டாஃப் வரைக்கும் எல்லாரும் சொல்றது இதுதான். நாலு பேர் இருக்கிற ரூமிலேயே வாய் திறக்காத என்னை மாதிரி ஆட்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். போற இடத்தில் ஐம்பது பேருக்குக் கை கொடுக்கணும் என்கிற அந்த யோசனையே நமக்குச் சரிப்படாது என்பது என் கட்சி. ஒரே ஒருத்தரிடம் பத்து நிமிஷம் உருப்படியாகப் பேசினால் போதும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கமான அய்மா, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடத்துற 'அக்மி' மெஷின் டூல் கண்காட்சிக்கு இரண்டு தடவை போயிருக்கேன். 2023-ல் முதல் வருஷ மாணவனா, கும்பலோடு கும்பலா. ஸ்டால் ஸ்டாலா போன் நம்பர் எழுதிக் கொடுத்தேன், இரண்டு பை நிறைய பிரவுச்சர் சேர்த்தேன். பலன்? இன்னிக்கு வரைக்கும் விளம்பர மெசேஜ் மட்டும் வருது.

2025-ல் தனியாப் போனேன். செஞ்சியில் விடிகாலை பஸ் பிடிச்சு, திண்டிவனம் வழியா கிளாம்பாக்கம், அங்கிருந்து நந்தம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி படிக்கட்டில் கூட்டத்தோடு ஏறினவங்களுக்குத் தெரியும், வார நாள்ல காலையில் ஏறினா அது வேற மலை. கண்காட்சியும் அப்படித்தான். வார நாள்ல கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் நமக்கு. கடைசி நாள் மத்தியானம் போகவே கூடாது, அவங்க மூட்டை கட்டிட்டு இருப்பாங்க.

பாக்கெட்ல ஒரு ஸ்டீல் பீஸ் வெச்சிருந்தேன். ப்ராஜெக்டுக்காக நம்ம லேத்ல 25 மி.மீ. விட்டத்தில், 60 மி.மீ. ஆழத்துக்கு போரிங் பண்ணினது. உள்ளே பூரா அலை அலையா சாட்டர் கோடு. ஸ்பீடை மாத்திப் பார்த்தும் போகலை. பேச வராதவனுக்கு இந்த மாதிரி கெட்டுப்போன பீஸ் பெரிய துணை. "நான் மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல்" என்று அறிமுகத்தில் திக்க வேண்டாம். நீட்டினாலே அவங்க வாங்கிப் பார்ப்பாங்க.

யாரிடம் நீட்டுறது? முன்னாடி மேஜையில் கோட்டு போட்டு நிக்கிறவர் விற்பனை ஆள். அவர் சிரிச்சுட்டு பிரவுச்சர் கொடுப்பார். உள்ளே மெஷின் பக்கத்தில், கையை வேஸ்ட் துணியில் துடைச்சுட்டு, பாக்கெட்ல ஆலன் கீ வெச்சுட்டு ஒருத்தர் இருப்பார். அவர்தான் நம்ம ஆள். டெமோவில் கதவை மூடி சைக்கிள் ஸ்டார்ட் ஆனதும், முடியிற வரைக்கும் அவர் சும்மாதான் நிப்பார். அப்போ பக்கத்தில் போய் நின்னு, இரண்டு பேரும் கண்ணாடி வழியா மெஷினையே பார்த்துட்டுப் பேசலாம். மூஞ்சைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இது எவ்வளவு நிம்மதின்னு சொல்லி முடியாது.

"சார், இந்தக் கோடு ஏன் வருது?" மனப்பாடம் பண்ணிட்டுப் போனது இந்த ஒரு வரிதான். அவர் பீஸை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, பார் எவ்வளவு தடிமன்? எவ்வளவு வெளியே நீட்டினீங்க?" என்றார். 12 மி.மீ. ஸ்டீல் பார், 66 மி.மீ. நீட்டல் என்றேன். "அஞ்சரை மடங்கு! ஸ்டீல் பாருக்கு நாலு மடங்குதான் கணக்கு. கார்பைடுன்னா ஆறு வரைக்கும் போகலாம். 25 ஓட்டைக்கு 16 பார் தாராளமா நுழையுமே, 64 மட்டும் நீட்டுங்க. இன்சர்ட் மூக்கு ரேடியஸ் 0.8-ஆ? 0.4 போடுங்க." அதுக்குள்ள சைக்கிள் முடிஞ்சுது. கார்டு கொடுத்தார். "போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று நகர்ந்துட்டேன்.

வெளியே வந்து உட்கார்ந்து, கார்டு பின்னாடி எழுதினேன்: '16 பார், 64, 0.4, ரிசல்ட் அனுப்பணும்.' அடுத்த ஸ்டாலுக்குப் போனது அரை மணி நேரம் கழிச்சு. மொத்தம் மூணு பேரிடம்தான் பேசினேன், அதில் ஒருத்தர் கண்டுக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரியே நன்றி மெசேஜ் போட்டேன். ஆனா உறவா மாறினது அதனால இல்லை. பத்து நாள் கழிச்சு, புது பாரில் பண்ணின பீஸை பழசோடு பக்கத்தில் வெச்சு போட்டோ அனுப்பினேன். கேட்டுட்டுப் போற பையன்கள் அவருக்குப் பல பேர், திரும்பி வந்து ரிசல்ட் சொல்றவன் குறைவு போல. உடனே பதில் வந்தது. டிசம்பர் லீவில் அம்பத்தூர்ல அவருக்குத் தெரிஞ்ச ஷாப்பில் இரண்டு வாரம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் கிடைச்சது அவரால்தான்.

இது எல்லா இடத்துக்கும் ஆகாது. வேலை கேட்டு எச்.ஆர். முன்னாடி நிக்கும்போது கெட்டுப்போன பீஸை நீட்ட முடியாது, அங்கே பேசித்தான் ஆகணும். நிஜமான சந்தேகம் இல்லாம, சும்மா ஒரு கேள்வி தயார் பண்ணிட்டுப் போனாலும் இரண்டாவது எதிர்க்கேள்வியில் மாட்டிக்குவோம்.

அவரோடு இதுவரை போனில் ஒரு தடவைகூடப் பேசினதில்லை. கடைசியா வந்த மெசேஜ்: "அடுத்த தடவை டிராயிங்கையும் எடுத்துட்டு வாங்க தம்பி."